நெல் மில்லுக்குக் காப்புறுதி: அறுவடை மாதத்தைக் கணக்கில் வையுங்கள்

மாத்தளை, பதுளைப் பக்கம் சின்ன அரிசி மில் வைத்திருப்பவர்கள் கட்டடத்தையும் மெஷினையும் ஓரளவு சரியாகவே மதிப்பிடுகிறார்கள். (கட்டடத்துக்கு, திரும்பக் கட்டும் செலவு மட்டும்தான், காணி விலை சேராது.) இடறுவது கையிருப்பில்தான். சாதாரண மாதத்தில் 30 லட்ச ரூபாய் நெல் இருக்கும், அதற்கே காப்புறுதி எடுப்பார்கள். பெரும்போக அறுவடை வந்ததும் களஞ்சியத்தில் 60 லட்சத்துக்கு மூட்டை ஏறிவிடும். அப்போது தீப்பிடித்து 20 லட்சத்துக்கு நட்டம் என்றால், முழுதும் கிடைக்காது. பாதி மதிப்புக்குத்தானே எடுத்திருக்கிறீர்கள், அதனால் 10 லட்சம்தான் வரும். ஆகவே உச்ச இருப்புக்கே எடுங்கள். இல்லையென்றால் மாதாமாதம் இருப்பை அறிவிக்கும் முறை உண்டா என்று கேளுங்கள்.

கட்டுப்பணத்தைக் கூட்டுவது தீ அபாயம். நெல் அவிக்கும் அடுப்புக்குப் பக்கத்திலேயே உமியைக் குவித்து வைத்திருந்தால், பார்வையிட வருபவர் அதைத்தான் முதலில் குறித்துக்கொள்வார். உமியைத் தனிக் கொட்டகைக்கு மாற்றி, மெஷின் மேலும் வயர் மேலும் படியும் தவிட்டுத் தூசியைத் துடைத்த பிறகு விலை கேளுங்கள். அப்புறம், மண்சரிவும் வெள்ளமும் அதில் அடங்குமா என்று எழுத்தில் வாங்குங்கள். வெறும் தீக் காப்புறுதியில் அவை தானாக வராது.