சொல்லாமல் விட்ட வினையைக் கண்டறிவது எப்படி?

பேச்சில் ஒரு வினை விடுபட்டிருக்கும்போது, அது கேட்பவரின் ஊகத்தில் மட்டுமே இருக்கிறதா, அல்லது வாக்கியத்தின் அமைப்பிலேயே ஒலியின்றி இருக்கிறதா என்பது தொடரியலின் அடிப்படைக் கேள்விகளுள் ஒன்று. ஆங்கிலத்தில் வினைத்தொடர் விடுபடும்போது அதன் துணைவினை பின்தங்கி நின்று தடயமாகிறது. தமிழில் அந்தப் பணியைப் பெரும்பாலும் வேற்றுமை உருபு செய்கிறது. ஆகவே நாமும் உருபிலிருந்தே தொடங்குவோம்.

படி 1: கேள்வியின் வினையை மாற்றிப் பாருங்கள்

யாழ்ப்பாணத்துத் திருநெல்வேலிச் சந்தைக்குப் போய் வந்த தம்பியிடம் அக்கா கேட்கிறாள்:

"ஆரைக் கண்டனீ?" – "மாமாவை."
"ஆரோடை கதைச்சனீ?" – "மாமாவோடை."
"ஆருக்குக் காசு குடுத்தனீ?" – "மாமாவுக்கு."

மூன்று மறுமொழிகளிலும் வினை இல்லை. ஆயினும் முதற் கேள்விக்கு "மாமா" என்று மட்டும் சொன்னால் யாழ்ப்பாணத்துக் காதுக்கு அது பிழையாகவே படும். 'காண்' என்ற வினை ஐ உருபைக் கேட்கிறது, 'கதை' என்ற வினை ஓடு உருபைக் கேட்கிறது. வினை அங்கு இல்லவே இல்லையென்றால், உருபு இவ்வளவு ஒழுங்காக அதற்கேற்ப மாறுவதற்குக் காரணம் கூறுவது கடினம். அதனால்தான் பலர், மறுமொழியின் அடியில் "மாமாவைக் கண்டேன்" என்ற முழு வாக்கியம் இருந்து, அதன் ஒரு பகுதி மட்டும் ஒலிக்கப்படாமல் போகிறது என்று கொள்கிறார்கள்.

இச்சோதனைக்கு மனிதரைக் குறிக்கும் பெயர்களையே தெரிவு செய்யுங்கள். "என்ன வாங்கினாய்?" என்பதற்கு "மாம்பழம்" என்று உருபில்லாமலே சொல்லலாம்; அஃறிணைச் செயப்படுபொருளில் ஐ உருபு தொக்கு நிற்க இடமுண்டு என்பதால் அங்கே தடயம் கிடைப்பதில்லை. மேலும், முன்னால் எந்த வாக்கியமும் இல்லாமல் ஒரு பொதியை நீட்டியபடி "மாமாவுக்கு" என்று ஒருவர் சொல்லவும் கூடும். உருபு இருந்தாலே விடுபட்ட வாக்கியம் இருக்கிறது என்ற முடிவுக்கு அவசரப்பட வேண்டாம்.

படி 2: 'யாரை', 'யார்' இரண்டையும் ஒப்பிடுங்கள்

மிகுந்த கவனம் தேவைப்படுவது இந்தப் படிக்குத்தான்.

(அ) அண்ணா யாரையோ கண்டார். யாரை என்று தெரியாது.
(ஆ) அண்ணா யாரையோ கண்டார். யார் என்று தெரியாது.

இரண்டும் இயல்பான வாக்கியங்களே. உருபு வினையால் வருவதென்றால், (ஆ)வில் உருபில்லாத 'யார்' எப்படி வந்தது? விடுபட்ட பகுதியை நிரப்பிப் பாருங்கள். (அ)வில் "யாரைக் கண்டார்" என்று நிரம்புகிறது. (ஆ)வில் "யார் கண்டார்" என்று நிரப்பினால் கண்டவர் யார் என்ற வேறு பொருள் வந்துவிடும். "அவர் யார்" என்று நிரப்பினால்தான் பொருந்தும். அதாவது, பின்னதில் மறைந்திருப்பது வினையே தேவைப்படாத வேறொரு வாக்கியம்.

இதை உறுதிப்படுத்த, காண்பவரைத் தன்மைக்கு மாற்றுங்கள். "நான் சிவப்புச் சட்டை போட்ட ஒருவரைக் கண்டேன், யார் என்று தெரியாது" என்பது இயல்பாக இருக்கிறது. அதே இடத்தில் "யாரை என்று தெரியாது" என்றால் இடறுகிறது, ஏனெனில் "நான் யாரைக் கண்டேன் என்று தெரியாது" என்ற முழு வாக்கியமும் அவ்விடத்தில் அப்படியே இடறும். கண்ணுக்குத் தெரியாத வாக்கியத்தின் குறை, கண்ணுக்குத் தெரியும் ஒரு சொல்லில் வெளிப்படுகிறது. மறைந்த அமைப்பு உண்டு என்பதற்கு இதைவிட நேரடியான சான்றைத் தொடக்கநிலையில் காட்டுவது அரிது.

படி 3: பொது வினையின் விகுதியைப் பாருங்கள்

இணைந்த இரு வாக்கியங்களில் ஒரே வினை ஒரு முறை மட்டும் வருவது இடைவெளியிடல் எனப்படும். வினை நடுவில் வரும் ஆங்கிலத்தில் இரண்டாம் வாக்கியத்தின் வினை விடுபடுகிறது. வினை இறுதியில் வரும் ஜப்பானியம் போன்ற மொழிகளில் முதல் வாக்கியத்தின் வினை விடுபடுகிறது. இந்தத் திசை வேறுபாட்டை 1970இல் மொழியியலாளர் ஜோன் ரொபர்ட் ரொஸ் எடுத்துக்காட்டினார். தமிழும் முதற்பார்வையில் ஜப்பானியத்தைப் போலவே தோன்றும்:

(இ) நான் மாம்பழமும் நீ பலாப்பழமும் வாங்கினோம்.

முதல் வாக்கியத்தின் வினைதான் விடுபட்டது என்றால், எஞ்சிய வினை 'நீ' என்பதற்கு இயைந்து 'வாங்கினாய்' என்று முடிய வேண்டும். ஆனால் 'வாங்கினோம்' 'நான்' என்பதற்கும் இயையவில்லை, 'நீ' என்பதற்கும் இயையவில்லை. 'நானும் நீயும்' என்ற கூட்டுக்கே இயைகிறது. எனவே இங்கு ஒரு வினை நீக்கப்பட்டு மற்றொன்று எஞ்சவில்லை. தொடக்கத்திலிருந்தே ஒரே வினைதான் இருந்து, இரு பகுதிகளுக்கும் பொதுவாக நிற்கிறது என்பதே பொருத்தமான விளக்கம் என்று நான் கருதுகிறேன்.

பேச்சில் சிறு நிறுத்தத்தோடு வரும் மற்ற வகையை இதனருகில் வைத்துப் பாருங்கள்:

(ஈ) நான் மாம்பழம் வாங்கினேன், நீ பலாப்பழம்.

இங்கே எஞ்சிய வினை 'நான்' என்பதற்கு மட்டுமே இயைகிறது. வெற்றிடத்தை நிரப்பும்போது 'வாங்கினேன்' என்று அப்படியே திருப்பி எழுத முடியாது, 'வாங்கினாய்' என்றே எழுத வேண்டும். ஆகவே விடுபடும் வினை, சொன்ன வினையோடு அடியிலும் காலத்திலும் ஒத்திருந்தால் போதும். இட விகுதி ஒத்திருக்க வேண்டியதில்லை.