பரிசேயனைத் திட்டும் பிரசங்கம் எங்கே தவறுகிறது?

ஆராதனை முடிந்து வாசலில் நிற்கும் ஆயரிடம் கை குலுக்க வருகிறவர்கள் சொல்வதைக் கவனித்தால் போதும். “ஐயா, இன்றைக்கு நல்ல அடி. எங்கள் சின்ன மாமா வந்திருக்க வேண்டும், அவருக்காகவே சொன்னதுபோல் இருந்தது.” மற்றவர்களைக் குற்றவாளிகளாகத் தீர்ப்பதைப் பற்றிய பிரசங்கம் தோற்றுப்போனதற்கு இதைவிடத் தெளிவான அடையாளம் கிடையாது. கேட்டவர் அதைக் கையில் வாங்கி, சின்ன மாமாவின் முகவரியை எழுதி, அப்படியே தபாலில் சேர்த்துவிட்டார்.

எப்போதாவது வருகிறவர்களிடம் இதே பொருளில் பேசுவது எளிது. வாராவாரம் வருகிறவர்கள், சந்தா பாக்கி வைக்காதவர்கள், உபவாச ஜெபத்தைத் தவறவிடாதவர்கள் முன்னால் பேசுவதுதான் கடினம். வசனங்கள் அவர்களுக்கு மனப்பாடம். போதகர் ஒரு வசனத்தின் முதல் பாதியைச் சொன்னால் மறுபாதியை அவர்களே முடித்துவிடுவார்கள். இவர்களுக்கான பிரசங்கத்தில் திரும்பத் திரும்ப நேரும் சில தவறுகளை, ஆலயத்தில் ஜெபிக்கப் போன பரிசேயனையும் ஆயக்காரனையும் பற்றி இயேசு சொன்ன உவமையை, லூக்கா 18:9-14-ஐ, முன்வைத்துப் பார்க்கலாம். பழைய ஆங்கிலிக்கன், லுத்தரன் அட்டவணைகளில் திரித்துவத் திருநாளுக்குப் பின்வரும் 11-ஆம் ஞாயிறின் சுவிசேஷப் பகுதி இது. ஆகவே பரிசேயனும் ஆயக்காரனும் சபைக்குப் பழகிப்போன முகங்கள்.

பெரிய தவறு பரிசேயனைக் கேலிச்சித்திரமாக வரைவது. குரலை உயர்த்தி, மார்பை நிமிர்த்தி, அவனைப்போல் ஜெபித்துக் காட்டுவார் போதகர். சபை சிரிக்கும். சிரித்த அந்த நொடியிலேயே எல்லோரும் ஆயக்காரன் பக்கம் போய் நின்றுகொண்டார்கள். “தேவனே, நான் இந்தப் பரிசேயனைப்போல் இராததனால் உம்மை ஸ்தோத்திரிக்கிறேன்” என்று ஒருவரும் வாய்விட்டுச் சொல்லவில்லை. ஆனாலும் பிரசங்கம் அதைத்தான் சொல்லவைத்திருக்கிறது.

பகுதியைப் பொறுமையாகப் படித்தால் அந்தக் கேலிச்சித்திரத்துக்கு ஆதாரமே இல்லை. அவன் சொன்னதில் ஒன்றும் பொய் என்று இயேசு சொல்லவில்லை. மோசேயின் சட்டம் கட்டாயமாக்கிய உபவாசம் வருடத்தில் ஒரு நாள், பாவநிவிர்த்தி நாள். இவன் வாரத்தில் இரண்டு நாள் உபவாசிக்கிறான். சம்பாத்தியம் எல்லாவற்றிலும் தசமபாகம் கொடுக்கிறான். இருக்கும் நன்மைகளுக்குத் தன்னைப் பாராட்டிக்கொள்ளாமல் தேவனை ஸ்தோத்திரிக்கிறான். நாம் பிள்ளைகளுக்குக் கற்றுக்கொடுப்பதும் அதைத்தானே? இப்படி ஒருவர் அடுத்த சேகரக் கமிட்டித் தேர்தலில் நின்றால் போட்டியின்றி ஜெயிப்பார். எதிரே நிற்கும் ஆயக்காரனோ ரோம ஆட்சிக்காகச் சொந்த மக்களிடம் வரி பிடுங்கி, அதில் தனக்கும் ஒதுக்கிக்கொள்ளும் தொழிலில் இருப்பவன்.

ஆக, முதலில் செய்ய வேண்டியது பரிசேயனைச் சபையார் நேசிக்கும்படி வரைவதுதான். அதிகாலை வேதவாசிப்பு, குடியில்லாத வீடு, ஓய்வுநாள் பள்ளிக்குத் தவறாமல் அனுப்பப்படும் பிள்ளைகள், ஆலயக் கட்டட நிதிக்குக் கொடுத்த முதல் தொகை எல்லாம் அந்தச் சித்திரத்தில் இருக்கட்டும். “இது நம்மில் ஒருவர்” என்று முன்வரிசை தலையசைத்த பிறகு அந்த ஒரு சொற்றொடருக்கு வரலாம்: “இந்த ஆயக்காரனைப்போலவும்”. நன்றி சொல்லும்போது கண் பக்கவாட்டில் திரும்பிவிட்டது. குற்றம் அந்தப் பார்வையில் இருக்கிறது. உபவாசத்தில் இல்லை, தசமபாகத்திலும் இல்லை. பக்தியையே குறைசொல்லும் பிரசங்கம் உழைக்கிறவர்களைப் புண்படுத்தும், அந்தப் பார்வையையோ தொடாமல் விட்டுவிடும்.

அடுத்த தவறு, அந்தப் பார்வை நம் ஆலயத்தில் எங்கே விழுகிறது என்று காட்டாமல் “நாமும் சில நேரங்களில் இப்படி இருக்கிறோம்” என்று பொதுவாக முடித்துவிடுவது. பொதுவாகச் சொன்னால் ஒருவரையும் தொடாது. டிசம்பர் 31 நள்ளிரவு ஆராதனையை எடுத்துக்கொள்ளலாம். உள்ளே இடமில்லாமல் பந்தல் போட்டு நாற்காலி போட்டிருப்பார்கள். வருடத்துக்கு ஒருமுறை வருகிறவர்கள் பின்னால், வாசலுக்கு வெளியே நிற்பார்கள். சிலர் குடியை அன்று ஒரு நாள் மட்டும் விட்டு வந்திருப்பார்கள். தன் வழக்கமான இருக்கையில் வேறொருவர் உட்கார்ந்திருப்பதைப் பார்க்கும் வழக்கமானவர், “இன்றைக்கு மட்டும் வந்துவிடுகிறார்கள்” என்று மனைவியின் காதில் சொல்வார். முனகல்தான், ஆனால் அதுவும் பரிசேயனின் “இந்த ஆயக்காரனைப்போலவும்” என்ற அதே ஜெபம். பின்னால் நிற்பவரோ லூக்கா எழுதியபடியே “தூரத்திலே நின்று” கொண்டிருக்கிறார். பிரசங்கத்தில் இந்த ஒரு காட்சி போதும். ஐந்தாறு எடுத்துக்காட்டுகளை அடுக்கினால், கேட்பவர் தனக்குப் பொருந்தாத ஒன்றைப் பிடித்துக்கொண்டு தப்பிவிடுவார்.

காட்சி இப்படிக் குறிப்பாக இருக்கலாம், ஆனால் ஆள் குறிப்பாக இருக்கக் கூடாது. இங்கேதான் பிரசங்க பீடம் ஆயுதமாக மாறுகிறது. கமிட்டிக் கூட்டத்தில் எதிர்த்துப் பேசியவரை மனதில் வைத்து, ஞாயிறன்று “சிலர் இருக்கிறார்கள்” என்று ஆரம்பித்தால், அவர் யாரென்று மூன்றாவது வாக்கியத்தில் சபை முழுவதும் கண்டுபிடித்துவிடும். அதன்பிறகு ஒருவருக்கும் வசனம் காதில் விழாது. அவர் முகம் எப்படிப் போகிறது என்று பார்ப்பதே வேலையாகிவிடும். மாயக்காரரைப் பற்றிப் பிரசங்கிக்கும் வேளையிலேயே போதகர் அதைச் செய்துகாட்டுகிறார்.

இப்படிச் செய்கிறவர்கள் நாத்தானைத் துணைக்கு அழைப்பார்கள். ஆனால் 2 சாமுவேல் 12-இல் நாத்தான் ஊர் நடுவே தாவீதைப் பற்றிப் பேசவில்லை. தாவீதிடமே போய்ப் பேசினார். ஏழையின் ஒரே ஆட்டுக்குட்டியின் கதையை அவர் சொன்னபோது அது தன்னைப் பற்றியது என்ற வாடை ராஜாவுக்கு அடிக்கவே இல்லை. அந்த மனுஷன் மரணத்துக்குப் பாத்திரன், ஆட்டுக்குட்டிக்காக நாலத்தனை கொடுக்க வேண்டும் என்று தாவீது தீர்ப்பெழுதி முடித்த பிறகுதான் “நீயே அந்த மனுஷன்” வந்தது. தீர்ப்பைக் கேட்பவரே தன் வாயால் சொல்லட்டும் என்று நாத்தான் காத்திருந்தார். நம் பிரசங்கங்களில் பெரும்பாலானவை முதல் நிமிடத்திலேயே “இன்று நாம் மாய்மாலத்தைப் பற்றித் தியானிக்கப் போகிறோம்” என்று அறிவித்துவிடுகின்றன. அனுபவமுள்ள சபையார் அந்த ஒரு நிமிடத்தில் கதவைச் சாத்திக்கொள்வார்கள். தலைப்பைச் சொல்லாமல் பரிசேயனின் நல்ல வாழ்க்கையிலிருந்து ஆரம்பிப்பதன் பயன் இதுதான்.

இனி ஆயக்காரனை எடுத்துக்கொள்வோம். அவனை நல்லவனாக்கிவிடும் ஆசை போதகர்களுக்கு அடக்க முடியாதது. “அவன் மனந்திரும்பி, தொழிலை விட்டு, பணத்தைத் திருப்பிக் கொடுத்தான்” என்று சேர்த்துவிடுவார்கள். பணத்தைத் திருப்பிக் கொடுப்பதாகச் சொன்னவன் அடுத்த அதிகாரத்தில் வரும் சகேயு. நாலத்தனையாகத் திரும்பச் செலுத்துகிறேன் என்றவன் அவன்தான். இந்த உவமையின் ஆயக்காரன் வீட்டுக்குத் திரும்பிப்போனான் என்பதோடு கதை நின்றுவிடுகிறது. மறுநாள் அவன் என்ன செய்தான் என்று லூக்கா எழுதவில்லை. வழக்கமாக வருகிறவர்களை உறுத்துவது இந்த வெற்றிடம்தான். “அப்படியென்றால் நான் இத்தனை வருடம் ஒழுங்காக இருந்தது எதற்கு?” என்ற கேள்வி அங்கேதான் எழும். போதகர் அவசரப்பட்டு அதை அடைத்தால், பாவியும் ஒழுங்காகி நம்மைப்போல் ஆகிவிட்டான் என்ற நிம்மதியோடு சபை வீட்டுக்குப் போகும்.

தாழ்மையும் ஒரு சாதனையாக மாறக்கூடியது என்பதற்குச் சபை வரலாற்றிலேயே சாட்சி இருக்கிறது. டிடாக்கே என்ற மிகப் பழைய கிறிஸ்தவ ஒழுங்குநூலின் 8-ஆம் பகுதி, மாயக்காரர் வாரத்தின் இரண்டாம், ஐந்தாம் நாட்களில் உபவாசிக்கிறார்கள், நீங்கள் அவர்களோடு உபவாசிக்காமல் புதனும் வெள்ளியும் உபவாசியுங்கள் என்கிறது. திங்களும் வியாழனும் போய்ப் புதனும் வெள்ளியும் வந்தன. வாரத்துக்கு இரண்டு நாள் என்ற கணக்கு மாறவில்லை, “அவர்களைப்போல் அல்ல” என்பதும் மாறவில்லை. கிழக்கத்திய ஆர்த்தடாக்ஸ் சபைகளின் வழக்கத்தில் இதற்கு ஒரு மருந்து உண்டு. லெந்துக்கு முன் வரும் ஆயத்த ஞாயிறுகளில் ஒன்று பரிசேயன், ஆயக்காரன் ஞாயிறு. அதற்கு அடுத்த வாரம் முழுவதும் உபவாசம் இல்லை, புதனும் வெள்ளியும்கூட இல்லை. உபவாசத்தைப் பெருமையாக நினைக்கக் கூடாது என்று வாயால் சொல்வதோடு நிற்காமல், ஒரு வாரத்துக்கு அந்தப் பெருமைக்கு இடமே இல்லாமல் செய்துவிடுகிறார்கள். உபவாச ஜெபம் நடத்துகிற நம் சபைகள் இதைக் கொஞ்சம் யோசிக்கலாம்.

எதிர்ப்பக்கத்திலும் ஒரு தவறு இருக்கிறது, அது ஆபத்தானது. மத்தேயு 7:1-ஐ மட்டும் வெட்டியெடுத்து “தீர்க்காதிருங்கள்” என்பதோடு நிறுத்துவது. கட்டட நிதிக் கணக்கைக் கேட்டவரின் வாயை அடைக்க இந்த வசனம் உதவியிருக்கிறது. மனைவியை அடிக்கிற மூப்பரைப் பற்றி யாரும் பேசாமலிருக்கவும் உதவியிருக்கிறது. 5-ஆம் வசனம் உன் கண்ணிலுள்ள உத்திரத்தை எடுத்தபின் சகோதரன் கண்ணிலுள்ள துரும்பை எடுக்க வகைபார்ப்பாய் என்கிறது. துரும்பை அப்படியே விட்டுவிடச் சொல்லவில்லை. அதே அதிகாரம் கள்ளத்தீர்க்கதரிசிகளைக் கனிகளால் அறியச் சொல்கிறது. “இந்த ரசீது எங்கே?” என்பது ஒரு செயலைப் பற்றிய கேள்வி, பதில் வந்தால் முடிந்துவிடும். “அவர் குடும்பமே அப்படித்தான்” என்பது ஆளின் மேல் எழுதப்பட்ட தீர்ப்பு. எந்த ரசீதும் அதை மாற்றாது. இந்த வித்தியாசத்தைப் பிரசங்கத்தில் இரண்டு மூன்று நிமிடமாவது விளக்காவிட்டால், தப்பு செய்கிறவர்தான் அன்று மிகவும் சந்தோஷமாக வீடு திரும்புவார். மத்தேயு 18:15-இன்படி தனியே போய்ப் பேசு என்று அடிபட்டவளையே அடித்தவனிடம் அனுப்புவதும் கூடாது. அவளுக்குத் தேவை பாதுகாப்பும், வேண்டுமானால் போலீஸ் புகாரும்.

முடிக்கும் விதத்திலும் கவனம் தேவை. “பரிசேயனாக இருந்ததை உணர்கிறவர்கள் கையை உயர்த்துங்கள்” என்று கேட்டால், யார் உயர்த்தினார், யார் உயர்த்தவில்லை என்று பக்கவாட்டில் பார்ப்பதற்குப் போதகரே அழைப்பு விடுத்ததாகிவிடும். தென்னிந்தியத் திருச்சபையின் திருவிருந்து ஒழுங்கில், பிரசங்கத்துக்குப் பிறகு சமாதானம் கைக்குக் கை பகிரப்படுகிறது. அங்கே தனக்கு அடுத்து நிற்பவர் யார் என்பதை யாரும் தேர்ந்தெடுப்பதில்லை. திருவிருந்து உள்ள ஞாயிறாக இருந்தால், பிரசங்கத்தை ஆயக்காரனின் ஜெபம் உள்ள 13-ஆம் வசனத்தில் நிறுத்திவிட்டு, அழைப்பும் பாட்டும் சேர்க்காமல் ஒழுங்கை அதன் போக்கில் விடலாம்.