வெயிலில் எடுத்த குடும்பப் படத்தை மழைக்காலப் படமாக மாற்றும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

பழைய வண்ணாரப்பேட்டையிலோ தண்டையார்பேட்டையிலோ ஸ்டூடியோ வைத்திருப்பவர்களிடம் இந்தக் கோரிக்கை அடிக்கடி வருகிறது. வைகாசி முகூர்த்தத்தில் குடும்பமே கூடி நின்று எடுத்த படம் ஒன்று இருக்கும். எல்லோரும் சேர்ந்திருக்கும் ஒரே படமும் அதுவாகத்தான் இருக்கும். ஆனால் நடுப்பகல் வெயிலில் தெருவே வெளுத்துப் போயிருக்கும். “அண்ணா, எங்கள் முகமும் புடவையும் அப்படியே இருக்கட்டும். வெயிலை மட்டும் எடுத்துவிட்டு மழைக்காலம் மாதிரி செய்து கொடுங்கள்” என்பார்கள்.

கேட்பதற்கு எளிய வேலையாகத் தோன்றும். ஆனால் வெயில் வானத்தில் மட்டும் இருப்பதில்லை. பாட்டியின் நெற்றியிலும், சரிகையிலும், காலடி நிழலிலும் இருக்கிறது. இதை மறந்துவிட்டு வானத்தை மட்டும் மாற்றுவதிலிருந்துதான் பெரும்பாலான தவறுகள் தொடங்குகின்றன.

ஒரு படத்தை எடுத்துக்கொண்டு பார்ப்போம். இராயபுரத்தில் ஒரு குறுகிய தெரு, மே மாதம், பகல் 12 மணி. அம்மா அரக்கு நிறக் காஞ்சிபுரம் பட்டில், மகன் வெள்ளைச் சட்டை வேட்டியில், பாட்டி நாற்காலியில், பேத்தி தலை நிறைய மல்லிகையுடன் முன்னால். சென்னை ஏறத்தாழ 13 டிகிரி வட அட்சரேகையில் இருப்பதால் ஏப்ரல் கடைசியிலும் ஆகஸ்ட் நடுவிலும் நண்பகல் சூரியன் நேர் உச்சியில் நிற்கும். மே மாதத்திலும் உச்சியை விட்டு அதிகம் விலகுவதில்லை. அதனால் நிழல் காலடியிலேயே சுருண்டு கிடக்கும். புருவத்தின் கீழும் மூக்கின் கீழும் தாடையின் கீழும் கறுப்பாகத் திட்டுத் திட்டாக விழும். மேகம் மூடிய நாளில் இந்தத் திட்டுகள் இருக்கவே முடியாது.

முதல் தவறு, படம் முழுவதையும் ஏஐ செயலியிடம் கொடுத்து ‘மழைக்காலமாக மாற்று, ஆட்களை மாற்றாதே’ என்று எழுதிவிட்டு, வந்ததை அப்படியே எடுத்துக்கொள்வது. இத்தகைய செயலிகளில் பல, படத்தை முழுக்கவும் புதிதாக வரைந்துதான் தருகின்றன. சிறிய திரையில் வித்தியாசம் தெரியாது. பெரிதாக்கிப் பார்த்தால் புடவைக் கொசுவத்தில் ஒரு மடிப்பு குறைந்திருக்கும், பார்டரில் இருந்த அன்னப்பட்சி வெறும் வளைவாகியிருக்கும், பாட்டியின் கன்னச் சுருக்கம் மறைந்து அவர் பத்து வயது இளையவராகியிருப்பார். குடும்பத்தார் பார்த்ததும், ‘இது எங்கள் அம்மா மாதிரி இருக்கிறது, ஆனால் எங்கள் அம்மா இல்லை’ என்று சொல்வது இதனால்தான்.

செயலியைப் பயன்படுத்தலாம், ஆனால் பின்னணிக்கு மட்டும். அது தந்த படத்தை போட்டோஷாப்பில் கீழே வைத்து, மூலப் படத்தை அதன் மேல் அடுக்காகப் போட்டு, மாஸ்க் மூலம் ஆட்கள் மட்டும் மூலத்திலிருந்து தெரியும்படி செய்ய வேண்டும். செயலி தரும் படம் சில நேரம் அளவில் சிறியதாகவும் ஓரிரு பிக்சல் நகர்ந்தும் வரும். சுவரின் மூலை, ஜன்னல் கம்பி போன்ற நேர்க்கோடுகளை வைத்து இரண்டையும் முதலில் பொருத்திக்கொள்ளுங்கள். பிறகு ஒரு சோதனை. மூலப் படத்தின் இன்னொரு நகலை எல்லாவற்றுக்கும் மேலே வைத்து, அதன் பிளெண்டிங்கை Difference என்று மாற்றினால், மாறாத இடம் முழுக் கறுப்பாகத் தெரியும். ஆட்கள் முழுவதும் கறுப்பாக இருந்தால்தான் முகமும் துணியும் மூலத்திலிருந்தே வந்திருக்கின்றன என்று பொருள். ஆட்கள் மீது விழும் ஒளியைத் திருத்தத் தொடங்குவதற்கு முன்பே இதைச் செய்துவிட வேண்டும். திருத்திய பிறகு எல்லா இடத்திலும் வித்தியாசம் காட்டும்.

இரண்டாவது தவறு, வானத்தைக் கருமையாக்குவது. மழை என்றதும் எல்லோரும் புயல் மேகத்தைத் தேடுகிறார்கள். ஆனால் மேகம் மூடிய நாளில் வானம்தான் விளக்கு. அந்த வெளிச்சத்தை வாங்கித்தான் சட்டை தெரிகிறது. அதனால் மகனின் வெள்ளைச் சட்டையின் முன்பக்கம் பின்னாலிருக்கும் வானத்தைவிடப் பிரகாசமாக இருக்கக் கூடாது. கருமேகத்தின் முன் பளிச்சென்ற வெள்ளைச் சட்டை எப்போது சாத்தியம்? மேகத்தின் இடுக்கில் வெயில் எட்டிப் பார்க்கும்போது. அப்போது கூர்மையான நிழலும் கூடவே இருக்கும். நிழலை நீக்கிவிட்டுக் கருமேகத்தை மட்டும் வைத்தால் கண் உடனே நம்ப மறுக்கிறது, காரணம் சொல்லத் தெரியாவிட்டாலும். நம் ஐப்பசி, கார்த்திகை மழை நாட்களில் பெரும்பாலும் இருப்பது வெளிறிய, ஒரே சீரான சாம்பல் வானம். அதையே வையுங்கள். காசிமேட்டுப் பக்கம் கடலை ஒட்டி எடுத்த படமென்றால் இது இன்னும் முக்கியம். வானம் மாறினால் கடலின் நிறமும் மாற வேண்டும்; சாம்பல் வானத்தின் கீழ் நீலக் கடல் இருக்காது.

புதிய வானத்தை வைக்கும் இடத்தில்தான் பேத்தியின் தலைமுடி வருகிறது. மூலப் படத்தில் வானம் வெளுத்திருப்பதால், வெட்டி ஒட்டினால் முடியைச் சுற்றி வெள்ளைக் கோடு நிற்கும். இதற்கு நல்ல வழி, முடியின் ஓரங்களில் மட்டும் புதிய வானத்தை Multiply முறையில் வைப்பது. வெள்ளை இருந்த இடத்தில் சாம்பல் வந்துவிடும், கறுப்பு முடி ஒவ்வொரு இழையாக அப்படியே நிற்கும். ஆனால் மல்லிகைச் சரமும் வெள்ளை. அதே முறையில் பூவும் வானத்தோடு சேர்ந்து சாம்பலாகிவிடும், சில சமயம் பாதிச் சரம் காணாமலே போகும். பூ இருக்கும் இடத்தை மட்டும் சிறிய பிரஷ்ஷால் கையாலேயே மாஸ்க் செய்ய வேண்டும். குறுக்குவழி எதுவும் அங்கே எனக்குக் கைகொடுத்ததில்லை.

இனி ஆட்கள் மீதுள்ள ஒளி. ‘ஆட்களை மாற்றாதே’ என்றால் அவர்களைத் தொடவே கூடாது என்று எடுத்துக்கொள்கிறவர்கள் பலர். அது மூன்றாவது தவறு. மாறக் கூடாதவை முகத்தின் அமைப்பு, துணியின் நிறம், நெசவு, மடிப்பு. அவற்றின் மேல் விழும் வெளிச்சம் மாறியே ஆக வேண்டும், இல்லாவிட்டால் ஆட்கள் வேறு படத்திலிருந்து வெட்டி ஒட்டியவர்களாகத் தெரிவார்கள். Curves அடுக்கு ஒன்றை ஆட்களுக்கு மட்டும் வைத்து, நிழல்களைச் சற்று உயர்த்தி, வெளிச்சப் பகுதிகளைச் சற்று இறக்குங்கள். அந்த அடுக்கின் பிளெண்டிங்கை Luminosity ஆக்குவது அவசியம். Normal முறையில் செய்தால் வெளிச்சத்தோடு சேர்ந்து நிறமும் நகர்ந்து, அரக்குப் பட்டு மெல்ல பழுப்பாகிவிடும். புடவைக்காரருக்கு அது வேறு புடவை. மாறவில்லை என்பதை எண்ணாலேயே சரிபார்க்கலாம். கொசுவத்தில் ஒரு புள்ளியை ஐடிராப்பரால் தொட்டு, நிறப் பெட்டியில் நிறத்தைக் காட்டும் H என்ற எண்ணைத் திருத்துவதற்கு முன்னும் பின்னும் குறித்துக்கொள்ளுங்கள். அதே வரிசையில் பிரகாசத்தைக் காட்டும் B மாறலாம். H ஏறக்குறைய அதே இடத்தில் நிற்க வேண்டும்.

மேக வெளிச்சத்தில் லேசான நீலச் சாயல் உண்டு. அதை வெள்ளைச் சட்டைக்கும் வேட்டிக்கும் மிகக் குறைவாகக் கொடுக்கலாம். பட்டுக்கும் முகத்துக்கும் அதிலும் பாதி போதும். சரிகையைத் தனியாகக் கவனியுங்கள். வெயிலில் சரிகை ஊசிமுனைப் புள்ளிகளாக மின்னும். மேகத்தில் அந்தப் புள்ளிகள் அடங்கி, மடிப்பு நெடுக ஒரு மெல்லிய பளபளப்பாகப் பரவும். புள்ளிகளின் பிரகாசத்தை மட்டும் குறையுங்கள். சரிகையையே மங்கலாக்கிவிட்டால் பட்டு பருத்தியாகிவிடும். தாடைக்குக் கீழ் உள்ள கறுப்பை முழுவதும் துடைத்துவிடாதீர்கள். மேகம் மூடிய நாளிலும் வெளிச்சம் மேலிருந்துதான் வருகிறது. விளிம்பு மட்டும் கரைய வேண்டும்.

தரைக்கு வருவோம். காலடியில் கிடந்த கூர்மையான நிழலை நீக்கிய பிறகு அங்கே எதுவும் இல்லாமல் விட்டால் ஆட்கள் அந்தரத்தில் மிதப்பார்கள். செருப்பும் நாற்காலிக் காலும் தரையைத் தொடும் இடத்தில் மங்கலான சிறு நிழல் ஒன்று வேண்டும். தரையை ஈரமாக்கும்போது அருகிலுள்ள தரை கறுக்க வேண்டும், தூரத்தில் போகப் போக வானத்தைப் பிரதிபலித்து வெளுக்க வேண்டும். ஆட்களின் பிரதிபலிப்பைப் பொறுத்தவரை, மொத்தக் குடும்பத்தையும் ஒரே படமாகத் தலைகீழாகத் திருப்பி ஒட்டுவதுதான் நான் அதிகம் காணும் பிழை. முன்னால் நிற்கும் பேத்தியின் பாதமும் பின்னால் நிற்கும் மகனின் பாதமும் ஒரே கோட்டில் இல்லை. ஒவ்வொருவரையும் தனித்தனியாக, அவரவர் பாதம் தரையைத் தொடும் கோட்டிலிருந்து திருப்ப வேண்டும். பாதத்தை விட்டு விலக விலகப் பிரதிபலிப்பு கலங்கிக்கொண்டே போக வேண்டும்.

மழைத்துளியைக் கொட்ட வைக்கலாமா என்று கேட்பார்கள். வேண்டாம் என்பேன். துணி மாறக் கூடாது என்றால் துணி நனையக் கூடாது என்றும் பொருள். கொட்டும் மழையில் குடையில்லாமல் காய்ந்த பட்டுடன் சிரித்துக்கொண்டு நிற்பவர்களை யார் நம்புவார்கள்? மழை விட்ட பத்தாவது நிமிடத்தைத் தேர்ந்தெடுங்கள். ஈரத் தரை, சாம்பல் வானம், காய்ந்த உடை மூன்றும் ஒன்றோடொன்று பொருந்தும் நேரம் அது. தெருவில் மே மாதச் செம்மயிற்கொன்றை பூத்துக் குலுங்கினால் அதையும் பச்சையாக்கிவிடுங்கள். கார்த்திகையில் அது அப்படிப் பூப்பதில்லை.

சில படங்களுக்கு இதெல்லாம் பயன்படாது. நெற்றியிலோ கன்னத்திலோ ஐடிராப்பரை வைக்கும்போது R, G, B மூன்றும் 255 என்று வந்தால் அங்கே தோலின் தகவலே பதிவாகவில்லை. இறக்கினால் சாம்பல் திட்டுதான் கிடைக்கும், நிரப்பினால் அது அவருடைய தோல் இல்லை. வெயிலில் கண்ணைச் சுருக்கிக்கொண்டவர்களையும் மேகத்தின் கீழ் நிறுத்த முடியாது. கண்ணைத் திறந்து வரைந்தால் முகம் மாறிவிடும். அப்படிப்பட்ட படத்தைக் கொண்டுவந்தால், அதே நாளில் பந்தலுக்குள்ளோ திண்ணையிலோ நிழலில் எடுத்த வேறு படம் இருக்கிறதா என்று முதலில் கேளுங்கள். நிழலில் எடுத்த படத்தில் ஒளி ஏற்கெனவே மென்மையாக இருப்பதால், பின்னணியையும் தரையையும் மாற்றினால் போதும், முகத்தையும் பட்டையும் பெரும்பாலும் தொடவே வேண்டியிருக்காது.