நாமினி இல்லாத டெபாசிட்: வங்கி நீட்டும் பத்திரங்களில் வாரிசுகள் எங்கே கையெழுத்துப் போடலாம்?

அப்பா இறந்துவிட்டார். வங்கியில் 6 லட்சம் ரூபாய் டெபாசிட் இருக்கிறது, நாமினி இல்லை. அம்மா, இரண்டு மகன்கள், ஒரு மகள் இருக்கிறார்கள். பணத்தை அண்ணன் வாங்கிக்கொள்ளட்டும் என்று பேசி முடித்தாயிற்று. வங்கி மூன்று தாள்களைத் தருகிறது.

1. முதலில் நாமினியைப் பாருங்கள். பாஸ்புக்கிலோ டெபாசிட் ரசீதிலோ நாமினி பதிவாகியிருந்தால், தொகை எவ்வளவாக இருந்தாலும் வாரிசுச் சான்றும் ஜாமீனும் கேட்டு வற்புறுத்தக்கூடாது என்பது ரிசர்வ் வங்கியின் விதி. ஆனால் நாமினி பணத்தை வாங்கி வைத்திருப்பவர்தான், பங்கு வாரிசுகளுடையது.

2. அபிடவிட். இவர்களைத் தவிர வேறு வாரிசு இல்லை என்று சத்தியம் செய்வது இதில்தான். பலரும் இங்கே பாட்டியை விட்டுவிடுகிறார்கள். இந்து வாரிசுரிமைச் சட்டம் 1956-இன்படி, உயில் எழுதாமல் இறந்த ஆணின் தாயும் முதல் வகுப்பு வாரிசு. அப்பா இறந்த அன்று பாட்டி உயிரோடு இருந்தால் பங்கு நான்கு அல்ல, ஐந்து. ஆளுக்கு 1,20,000 ரூபாய். தெரிந்தே அவர் பெயரை மறைத்தால் குற்ற வழக்கு வரை போகலாம். கோடிட்ட இடம் எதையும் காலியாக விட்டுக் கையெழுத்துப் போடாதீர்கள்.

3. இண்டெம்னிட்டி பாண்ட். இதில்தான் நிறைய நேரம் செலவழிக்க வேண்டும். நாளை வேறொருவர் உரிமை கேட்டு வந்தால் வங்கியின் நஷ்டத்தை ஈடுகட்டுகிறேன் என்பதே இதன் பொருள். “கூட்டாகவும் தனித்தனியாகவும்” என்ற சொற்கள் இருக்கின்றனவா என்று தேடுங்கள். இருந்தால், கையெழுத்துப் போட்ட ஒவ்வொருவரும் முழுத் தொகைக்கும் பொறுப்பு.

நம் கதையில் பாட்டி பெயர் விடுபட்டது என்று வையுங்கள். அவர் காலமான பிறகு சித்தப்பா அவருடைய 1,20,000 ரூபாயில் தன் பங்கைக் கேட்டு வழக்குப் போடுகிறார். வங்கி அந்தப் பணத்தைக் கொடுக்க நேர்ந்தால், பாண்டைக் காட்டி யாரிடம் வேண்டுமானாலும் வசூலிக்கலாம். அண்ணன் கையில் பணம் இல்லை, தங்கைக்குச் சம்பளம் வருகிறது என்றால் அவளைத்தான் தேடி வருவார்கள். அவள் ஒரு ரூபாய்கூட வாங்கியிருக்க மாட்டாள்.

ஆகவே பணம் வாங்காதவர் பாண்டில் கையெழுத்துப் போட வேண்டாம். “வாரிசுகள் எல்லோரும் போடுங்கள்” என்று கவுண்டரில் சொன்னால், பணம் பெறுபவர் பாண்டும் மற்றவர்கள் ஆட்சேபணை இல்லாக் கடிதமும் தருகிறோம் என்று எழுத்தில் கேளுங்கள். எல்லோரும் போட்டே ஆக வேண்டும் என்றால் அவரவர் பங்கு அவரவர் கணக்குக்கே வரட்டும். பொறுப்பும் பெற்ற தொகை வரைதான் என்று ஒரு வரி சேர்க்கச் சொல்லுங்கள்.

4. ஆட்சேபணை இல்லாக் கடிதம். டெபாசிட் எண்ணும் தொகையும் அதில் இருக்க வேண்டும். “அசையும், அசையாச் சொத்துகள் அனைத்திலும்” என்றிருந்தால் அடித்துவிட்டுப் பக்கத்தில் சுருக்கொப்பம் இடுங்கள். நிலத்தில் உள்ள பங்கை விட்டுக்கொடுக்கப் பதிவு செய்த விடுதலைப் பத்திரம் வேண்டும் என்பது உண்மைதான். ஆனாலும் பாகப் பிரிவினை வழக்கில் இந்தத் தாளை உங்களுக்கு எதிராக நீட்டுவார்கள்.

கையெழுத்தான ஒவ்வொரு பக்கத்தையும் கொடுக்கும் முன்பே ஜெராக்ஸ் எடுத்து, வங்கியின் முத்திரையும் தேதியும் வாங்கி வையுங்கள்.