இரட்டைச் செய்தியைத் தரவுத்தளமே தடுக்கட்டும்

காஃப்காவிலிருந்து ஆர்டர் செய்திகளைப் பெற்றுக் கையிருப்பைக் குறைக்கும் சேவையில், செய்தியின் அடையாள எண்ணைப் பதிவதையும் கையிருப்பைக் குறைப்பதையும் ஒரே தரவுத்தளப் பரிவர்த்தனைக்குள் செய்து, அது உறுதியான பிறகே ஆஃப்செட்டைக் கமிட் செய்யுங்கள்.

```sql
INSERT INTO processed (message_id) VALUES ($1)
ON CONFLICT DO NOTHING;
```

போஸ்ட்கிரெஸில் `message_id` முதன்மைச் சாவியாக இருந்தால், ஒரு வரிசையும் சேராதபோது அந்தச் செய்தி முன்பே முடிந்துவிட்டது என்று பொருள்; அப்போது கையிருப்பைத் தொடாமல் ஆஃப்செட்டை மட்டும் கமிட் செய்யுங்கள். ஆகவே, பரிவர்த்தனைக்கும் ஆஃப்செட் கமிட்டுக்கும் இடையில் சேவை நின்றுபோனாலும் கையிருப்பு இருமுறை குறையாது. செய்தியை அனுப்பும் சேவையே இந்த அடையாள எண்ணைத் தர வேண்டும். ஆஃப்செட்டையே அடையாளமாகக் கொண்டால், அனுப்பும் சேவை மறுபடி அனுப்பிய நகல் புதிய ஆஃப்செட்டுடன் உள்ளே வந்துவிடும். பலர் தவறுவது இங்கேதான்.

செயலாக்கம் தோற்றால் பரிவர்த்தனையோடு எண்ணும் ரத்தாகும் என்பதால் மறுமுயற்சிக்குத் தடையில்லை. ஆனால், செய்தியே பழுதானதாக இருந்தால் அதன் பின்னால் அந்தப் பார்ட்டிஷன் முழுவதும் தேங்கும். ஒரே பார்ட்டிஷனின் லேக் மட்டும் ஏறுவது இதற்கு அடையாளம். 3 முயற்சிகளுக்குப் பின் அதைப் பிழை விவரத்துடன் `orders.dlq` என்ற தனி டாபிக்கில் எழுதி, எழுதியது உறுதியானதும் ஆஃப்செட்டை நகர்த்துங்கள். தரவுத்தளமே செயலிழந்திருக்கும்போது இப்படி ஒதுக்காமல் காத்திருப்பதே சரி.

குறுஞ்செய்தி அனுப்புவது போன்ற, ரத்துசெய்ய முடியாத வெளிச்செயல்களுக்கு இம்முறை பொருந்தாது. ஒரே ஆர்டரின் செய்திகள் வரிசை மாறக்கூடாத இடத்திலும், ஒன்றை மட்டும் ஒதுக்கிவிட்டு அடுத்ததைச் செயலாக்கக்கூடாது.