நீர் கோத்த உடலில் பிஐஏ அளவு

வயிற்றில் நீர் கோத்தவர்களுக்கும் கால் வீக்கம் உள்ளவர்களுக்கும் உடலில் மெல்லிய மின்னோட்டம் செலுத்தி அளக்கும் பிஐஏ கருவி காட்டும் கொழுப்பு சதவீதத்தை அறிக்கையில் எழுத வேண்டாம். 50 கிலோஹெர்ட்ஸில் வந்த மின்தடை, ரியாக்டன்ஸ், இவ்விரண்டிலிருந்தும் கணக்கிடும் கட்டக் கோணம் ஆகியவற்றை மட்டும் எழுதி, வீக்கம் எங்கே, எவ்வளவு, நீர் எடுத்தது எப்போது என்று பக்கத்தில் குறியுங்கள்.

கொழுப்பில்லாத திசுவில் சுமார் 73% நீர் என்று வைத்துத்தான் கருவி கணக்கிடுகிறது. கால் வீங்கினால் மின்தடை குறையும். அந்த நீரைக் கருவி தசை என்று எண்ணிக்கொள்ளும். வயிற்று நீரோ நேர்மாறு. அகலமான உடற்பகுதி மொத்த மின்தடையில் பத்தில் ஒரு பங்குதான் என்பதால் 5 லிட்டர் வடித்தாலும் மின்தடை அதிகம் மாறாது. எடை மட்டும் 5 கிலோ இறங்கும், கருவி அதில் பெரும்பகுதியைக் கொழுப்பு கரைந்ததாகக் காட்டும் (ஒரே நாளில்!).

கட்டக் கோணமும் கால் வீக்கத்தில் குறையும். அதை மட்டும் வைத்து ஊட்டக்குறைவு என்று எழுதிவிடக் கூடாது. நீர்க்கோப்பு இல்லாதவர்களுக்கு இந்தக் கட்டுப்பாடு வேண்டியதில்லை.