குரல் பதிந்த ஸ்லைடுகளை வீடியோவாக்குவது: வாய் திறக்க வேண்டிய இடமும் மூட வேண்டிய இடமும்

ஒன்பதாம் வகுப்பு படிக்கும் அக்கா மகள் போன வாரம் லேப்டாப்பைத் தூக்கிக்கொண்டு வந்தாள். அறிவியல் புராஜெக்ட். நிலாவின் பிறைகள் பற்றி ஏழு ஸ்லைடு, ஒவ்வொன்றுக்கும் அவள் குரலில் விளக்கம், கடைசியில் வீடியோவாகக் கொடுக்க வேண்டும், மூன்று நிமிடத்தைத் தாண்டக் கூடாது. எல்லாம் முடித்துவிட்டுத்தான் வந்திருந்தாள். "மாமா, நான் பேசினது பாதி காணோம். நேரமும் கூடிப்போச்சு" என்றாள்.

ஓட்டிப் பார்த்தேன். நான்காவது ஸ்லைடில் "அமாவாசை அன்று நிலா நமக்குத் தெரியாது" என்று அவள் சொல்லியிருக்கிறாள். வீடியோவில் "அன்று நிலா நமக்குத் தெரியாது" என்று மட்டும் கேட்கிறது. எல்லா ஸ்லைடிலும் முதல் சொல்லோ, முதல் இரண்டு சொல்லோ இல்லை. வீடியோவின் நீளம் 3 நிமிடம் 32 விநாடி.

இரண்டு குறைக்கும் காரணம் ஒன்றுதான். பவர்பாயிண்டில் ஒரு ஸ்லைடிலிருந்து அடுத்ததற்கு மாறும் அந்த நேரத்தில் குரல் பதிவாகாது. மாற்றம் முடிந்து புது ஸ்லைடு நின்ற பிறகுதான் மைக் சொல்வதை எடுத்துக்கொள்கிறது. இவள் எல்லா ஸ்லைடுக்கும் Curtains போட்டிருந்தாள். திரை விலகுவது போன்ற அந்த மாற்றத்துக்கு Duration பெட்டியில் 06.00 என்று இருந்தது. ஆறு விநாடி திரை ஆடுகிறது, இவள் பொறுமை இல்லாமல் பேச ஆரம்பித்துவிடுகிறாள், பேசியது காற்றோடு போகிறது. ஏழு ஸ்லைடுக்கு ஆறு விநாடி என்றால் 42 விநாடி சும்மா திரை ஆடுவதற்கே செலவு.

ஆகவே வரிசை முக்கியம். முதலில் மாற்றம், அப்புறம் குரல், கடைசியில் வீடியோ. நாங்கள் மறுபடி செய்தது இந்த வரிசையில்தான். பவர்பாயிண்டின் புதிய பதிப்புகளில் Record என்று தனி டேப் இருக்கும். இல்லையென்றால் Slide Show டேப்பில் Record Slide Show என்று இருக்கும், வேலை ஒன்றுதான். 2007 பதிப்பு வைத்திருப்பவர்கள் கஷ்டப்பட வேண்டாம், அதில் வீடியோவாக்கும் வசதியே கிடையாது. 2010-இல்தான் வந்தது.

1. பேசப்போவதை எழுதி, நேரம் பாருங்கள்

ஒவ்வொரு ஸ்லைடுக்கும் கீழே Notes பகுதியில் பேச வேண்டியதை அப்படியே எழுதிவிடுங்கள். பதிவு செய்யும்போது இது திரையில் தெரியும், வீடியோவில் வராது. எழுதியதைப் போனில் ஸ்டாப்வாட்ச் வைத்து ஒருமுறை வாய்விட்டுப் படியுங்கள். மனதுக்குள் படித்தால் கணக்கு தப்பும், வாய் எப்போதும் மெதுவாகத்தான் போகும்.

எங்களுக்கு வந்த கணக்கு: தலைப்புக்கு 8 விநாடி, அடுத்தடுத்து 25, 38, 41, 30, 22, நன்றி ஸ்லைடுக்கு 6. மொத்தம் 170 விநாடி, அதாவது 2 நிமிடம் 50. மூன்று நிமிடத்துக்குள் மாற்றங்களுக்கென்று மிச்சம் இருப்பது பத்தே விநாடி.

படிக்கும்போதே உள்ளடக்கத்திலும் ஒரு பிழை பிடிபட்டது. பிறை தெரிவதற்குக் காரணம் பூமியின் நிழல் என்று எழுதியிருந்தாள். அது சந்திர கிரகணத்துக்குத்தான் பொருந்தும். நிலாவில் வெயில் படும் பாதியில் எவ்வளவு நம் பக்கம் தெரிகிறதோ அதுதான் பிறை. குரல் பதிந்த பிறகு இதைக் கண்டிருந்தால் மறுபடி பேச வேண்டியிருக்கும்.

2. மாற்றத்தைத் தேர்ந்தெடுங்கள்

Transitions டேப்புக்குப் போய் Fade எடுங்கள். வலது பக்கம் Duration பெட்டியில் 00.70 என்று வைத்து Apply To All அழுத்துங்கள். முக்கால் விநாடிக்கும் குறைவு. ஏழு ஸ்லைடுக்கும் சேர்த்துக் கிட்டத்தட்ட 5 விநாடிதான். 170-உடன் 5 சேர்த்தால் 2 நிமிடம் 55. இடம் இருக்கிறது.

அவளுக்கு Curtains போனதில் வருத்தம். முதல் ஸ்லைடுக்கு மட்டும் வைத்துக்கொள்கிறேன் என்றாள். ஆறு விநாடியை மூன்றாகக் குறைத்து வைத்துக்கொள் என்று விட்டுவிட்டேன். வீடியோவின் தொடக்கத்தில் திரை விலகுவது பொருத்தமாகத்தான் இருக்கிறது.

3. பதிவு

மின்விசிறியை நிறுத்துங்கள். இதைச் சொன்னால் எல்லோரும் சிரிப்பார்கள். ஆனால் லேப்டாப்பின் மைக் உங்கள் குரலையும் விசிறியையும் ஒரே மரியாதையோடுதான் பதியும். போனோடு வந்த ஒயர் ஹெட்செட் இருந்தால் அதைச் செருகுங்கள், வாய்க்குப் பக்கத்தில் மைக் இருப்பதே பெரிய வித்தியாசம். பதிவுத் திரையில் எந்த மைக் தேர்வாகியிருக்கிறது என்று பாருங்கள். முகம் தெரிய வேண்டாம் என்றால் கேமராவை அங்கேயே அணைத்துவிடுங்கள்.

Record டேப்பில் From Beginning அழுத்தி, பதிவு பொத்தானைத் தட்டினால் மூன்று, இரண்டு, ஒன்று என்று எண்ணிவிட்டுப் பதிவு தொடங்கும். முதலில் தலைப்பு ஸ்லைடை மட்டும் பேசி, நிறுத்தி, கேட்டுப் பாருங்கள். குரல் சரியாக வந்தால்தான் மற்றதைத் தொடர வேண்டும். ஏழையும் பேசி முடித்த பிறகு மைக் வேலை செய்யவில்லை என்று தெரிவது போன்ற வேதனை வேறில்லை.

இனி முக்கியமான பழக்கம். ஸ்லைடு மாறி, முழுதாக நின்ற பிறகு மனதுக்குள் "ஒன்று" என்று எண்ணுங்கள். அப்புறம் பேசுங்கள். வாக்கியம் முடிந்ததும் மறுபடி "ஒன்று" எண்ணிவிட்டு அம்புக்குறி விசையை அழுத்துங்கள். அந்த ஒரு விநாடி இடைவெளி இரண்டு பக்கமும் இருந்தால் எந்தச் சொல்லும் வெட்டுப்படாது. கேட்பவர்களுக்கும் மூச்சுவிட்டுப் பேசுவது போலத்தான் இருக்கும். எங்கள் 170 விநாடிக் கணக்கு இந்த இடைவெளிகளையும் சேர்த்துத்தான், படிக்கும்போதே விட்டுவிட்டு நேரம் பார்த்தோம்.

ஸ்லைடுக்குள் படங்கள் ஒவ்வொன்றாக வரும்படி அனிமேஷன் வைத்திருந்தால், நீங்கள் எந்த நொடியில் அழுத்துகிறீர்களோ அதுவும் பதிவாகிவிடும். "வளர்பிறை" என்று சொல்லும்போது வளர்பிறைப் படம் வர வேண்டுமென்றால் அப்போது அழுத்துங்கள், வீடியோவிலும் அதே நொடியில் வரும்.

ஒரு ஸ்லைடில் தடுமாறினால் மொத்தத்தையும் திரும்பப் பேச வேண்டியதில்லை. குரல் அந்தந்த ஸ்லைடோடு தனித்தனியாகத்தான் சேமிக்கப்படுகிறது. தடுமாறிய ஸ்லைடில் நின்று From Current Slide எடுத்து அதை மட்டும் பதியுங்கள். பேசி முடித்ததும் உடனே நிறுத்த வேண்டும். பழக்கதோஷத்தில் அம்புக்குறியை அழுத்திவிட்டால் அடுத்த ஸ்லைடுக்குப் போய், அங்கே நன்றாகப் பேசி வைத்திருந்ததன் மேல் புதுப் பதிவு ஏறிவிடும். எங்களுக்கு ஐந்தாவது ஸ்லைடு அப்படித்தான் போயிற்று.

4. நேரங்களைச் சரிபார்ப்பது

View டேப்பில் Slide Sorter எடுங்கள். எல்லா ஸ்லைடும் சின்னதாக வரிசையில் நிற்கும். ஒவ்வொன்றின் கீழும் அதன் நேரம் இருக்கும். எதன் கீழாவது நேரம் இல்லையென்றால் அந்த ஸ்லைடு பதிவாகவில்லை என்று அர்த்தம்.

ஒரு ஸ்லைடு சீக்கிரம் ஓடிவிடுவதாகத் தோன்றினால் Transitions டேப்பில் After பெட்டியில் இருக்கும் எண்ணைக் கூட்டுங்கள். 00:41.00 என்று இருப்பதை 00:42.50 ஆக்கினால், பேசி முடித்த பிறகு ஒன்றரை விநாடி கூடுதலாக நிற்கும். இதே பெட்டியில் குறைக்கும்போது கவனம் வேண்டும். குரலின் நீளத்துக்குக் கீழே இறங்கினால் கடைசி வார்த்தை அடிபடலாம்.

கடைசியில் இருமலோ "அம்மா முடிஞ்சிடுச்சு" என்ற கத்தலோ பதிந்திருந்தால், ஸ்லைடின் மூலையில் இருக்கும் ஸ்பீக்கர் படத்தைச் சொடுக்கி, Playback டேப்பில் Trim Audio மூலம் வாலை மட்டும் வெட்டலாம். அனிமேஷன் இருக்கும் ஸ்லைடில் தலைப்பக்கம் வெட்டாதீர்கள். குரல் முன்னால் நகர்ந்துவிடும், படங்கள் பழைய நொடியிலேயே வரும். தேய்பிறை பற்றிப் பேசும்போது வளர்பிறைப் படம்தான் நின்றுகொண்டிருக்கும். அந்த ஸ்லைடைத் திரும்பப் பேசுவதே சுலபம்.

5. வீடியோவாக்குவது

File, Export, Create a Video. இரண்டு தேர்வுகள் வரும். மேலே இருப்பது தரம்: பள்ளி புராஜெக்டுக்கு HD (720p) போதும். புரொஜெக்டரில் சின்ன எழுத்துகள் காட்ட வேண்டியிருந்தால் Full HD (1080p). அதற்கு மேல் போனால் கோப்பு பெரிதாகும், நேரமும் பிடிக்கும்.

இரண்டாவதில் Use Recorded Timings and Narrations என்று இருக்க வேண்டும். Don't Use என்று தொடங்கும் வரி தேர்வாகியிருந்தால் வீடியோ ஊமையாக வரும், எல்லா ஸ்லைடும் ஒரே அளவு நேரம் நிற்கும். அதன் கீழே Seconds spent on each slide என்பதில் 05.00 இருக்கும். நேரம் பதிவாகாத ஸ்லைடுகளுக்கு மட்டும்தான் இது. உங்கள் வீடியோவில் ஏதோ ஒரு ஸ்லைடு ஐந்தே விநாடியில், சத்தமில்லாமல் தாண்டிப் போனால், அதைப் பதிய மறந்திருக்கிறீர்கள்.

Create Video அழுத்தி, mp4 ஆகச் சேமியுங்கள். இங்கேதான் பலர் ஏமாறுவார்கள். பெட்டி மூடிக்கொள்ளும், வேலை முடிந்த மாதிரி இருக்கும், ஃபோல்டரில் கோப்பின் பெயர்கூடத் தெரியலாம். ஆனால் பவர்பாயிண்ட் சன்னலின் அடிப்பட்டையில் ஒரு கோடு மெல்ல நகர்ந்துகொண்டிருக்கும். அது மறையும்வரை பவர்பாயிண்டை மூடக் கூடாது, கோப்பைப் பென்டிரைவுக்கு நகலெடுக்கவும் கூடாது. சார்ஜரைச் செருகிவிட்டு டீ குடித்துவிட்டு வாருங்கள்.

6. எதைப் பார்த்துச் சரிபார்ப்பது

முழு வீடியோவையும் நான்கு முறை பார்க்கத் தேவையில்லை. ஒருமுறை முழுதாகப் பாருங்கள். அப்புறம் ஹெட்செட் மாட்டிக்கொண்டு, ஸ்லைடு மாறும் இடங்களை மட்டும் தேடிப் போய், முன்னால் மூன்று விநாடி, பின்னால் மூன்று விநாடி கேளுங்கள். சொல் வெட்டுப்படுவது இந்த இணைப்புகளில்தான். எங்கள் வீடியோ 2 நிமிடம் 57 விநாடிக்கு வந்தது. நான்காவது ஸ்லைடில் "அமாவாசை" முழுதாகக் கேட்டது.

வாட்ஸ்அப்பில் அனுப்புவதென்றால் Document ஆக இணைத்து அனுப்புங்கள். வீடியோவாக அனுப்பினால் அது சுருக்கிவிடும், ஸ்லைடில் உள்ள எழுத்துகள் மங்கும். ஸ்லைடுகளுக்குப் பாமினி போன்ற பழைய எழுத்துரு பயன்படுத்தியிருந்தாலும் வீடியோவில் கவலையில்லை. எழுத்துகள் படமாகவே பதிந்துவிடுவதால் பள்ளிக் கணினியில் அந்த எழுத்துரு இல்லாவிட்டாலும் தமிழ் தமிழாகவே தெரியும்.

மூல pptx கோப்பை அழித்துவிடாதீர்கள். மறுநாள் டீச்சர், தலைப்பில் வகுப்புப் பிரிவு தவறாக இருக்கிறது என்று திருப்பி அனுப்பினார். எழுத்தை மட்டும் மாற்றினோம், குரலும் நேரமும் அப்படியே இருந்தன. மறுபடி Export மட்டும்தான் வேலை.